72 சதவீதம் எடுத்தவர் ஃபெயில், 55 எடுத்தவர் பாஸ்: ஐ.டி.ஐ. மார்க் கணக்கு எப்படி வேலை செய்கிறது?

பொட்டிப்புரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நியூட்ரினோ ஆய்வகம். 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, அதன்பிறகு எதிர்ப்பு, வழக்கு என்று நின்றுபோன திட்டம். ஆனால் அந்த ஊரிலும் சுற்றியுள்ள தேவாரம், சின்னமனூர், போடி பக்கத்திலும் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் மே, ஜூன் மாதங்களில் ஓடுகிற பேச்சு வேறு. "பிளஸ் ஒன் சேர்க்கலாமா, ஐ.டி.ஐ.யில போடலாமா?" என்பதுதான் அது.

ஐ.டி.ஐ. என்று முடிவானால் அடுத்து வரும் கேள்வி, "பாஸ் மார்க் முப்பத்தஞ்சுதானே?"

இல்லை. பள்ளியில் பழகிய கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து, இரண்டு வருஷம் கழித்து ரிசல்ட்டைப் பார்த்துத் திகைத்து நிற்பவர்கள் நிறைய பேர். மொத்தத்தில் 72 சதவீதம் இருக்கும், முடிவு என்ற இடத்தில் ஃபெயில் என்று இருக்கும். பக்கத்து பெஞ்ச்காரருக்கு 55 சதவீதம்தான், அவர் பாஸ். கம்ப்யூட்டர் தப்பு என்று அலுவலகத்துக்கு ஓடுவார்கள். தப்பு எதுவும் நடந்திருக்காது, விதி அப்படி.

எலக்ட்ரீஷியன் டிரேடை எடுத்துக்கொண்டு அந்த விதியைப் பார்ப்போம். கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் அதிகம் பேர் கேட்கிற டிரேடுகளில் ஒன்று அது. லோயர் கேம்ப்பில் பெரியாறு மின் நிலையம், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள், திராட்சைத் தோட்டத்து மோட்டார்கள், ஏலக்காய் ஸ்டோர்கள் என்று மின்சாரம் தெரிந்தவருக்கு ஊரிலேயே வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், படிப்பு இரண்டு வருஷம்.

600 மார்க் எங்கிருந்து வருகிறது?

ஐ.டி.ஐ. படிப்புக்கு நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. மத்திய அரசின் பயிற்சி இயக்குநரகமான டி.ஜி.டி. அதை நடத்துகிறது. நடுவில் சில வருஷங்கள் செமஸ்டர் முறை இருந்தது. 2018-ல் சேர்ந்தவர்களிலிருந்து மறுபடியும் ஆண்டுத் தேர்வு. முடித்தால் கிடைப்பது தேசிய தொழிற்சான்றிதழ், சுருக்கமாக என்.டி.சி.

ஒரு வருஷத்துக்கு மொத்தம் 600 மார்க். இதில் 250 செய்முறைத் தேர்வுக்கு. 200 தொடர் மதிப்பீட்டுக்கு, அதாவது வருஷம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலைக்கு உங்கள் பயிற்றுநர் போடுவது. மீதி 150 கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு. அதில் டிரேடு தியரிக்கு 100, வேலைவாய்ப்புத் திறன் என்ற பாடத்துக்கு 50. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், ஒன்றுக்கு இரண்டு மார்க்.

தேர்ச்சி விதி இரண்டே வரிதான். செய்முறைத் தேர்விலும் தொடர் மதிப்பீட்டிலும் தனித்தனியாகக் குறைந்தது 60 சதவீதம் வேண்டும். மற்ற பாடங்களில் 33 சதவீதம் போதும். கூடவே ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது: கருணை மதிப்பெண் கிடையாது.

ஆக, செய்முறையில் 250-க்கு 150, தொடர் மதிப்பீட்டில் 200-க்கு 120. ஒரு மார்க் குறைந்தாலும் குறைந்ததுதான். தியரியில் 33 என்பது நடைமுறையில் 34. கேள்விக்கு இரண்டு மார்க் என்பதால் 50 கேள்வியில் 17 சரியாக இருக்க வேண்டும். வேலைவாய்ப்புத் திறனில் 25-க்கு 9.

இப்போது அந்த இரண்டு பேரைப் பார்ப்போம். கணக்குக்காக நாமே வைத்துக்கொண்ட ஆட்கள்தான். முதலாமவர் தியரியில் 78, வேலைவாய்ப்புத் திறனில் 40, தொடர் மதிப்பீட்டில் 176, செய்முறையில் 142. கூட்டினால் 436. 600-க்கு 436 என்றால் 72.7 சதவீதம். ஆனால் செய்முறையில் 150-க்கு எட்டு மார்க் குறைவு, அதனால் தேர்ச்சி இல்லை. இரண்டாமவர் தியரியில் 36, வேலைவாய்ப்புத் திறனில் 18, தொடர் மதிப்பீட்டில் 124, செய்முறையில் 152. கூட்டினால் 330, சரியாக 55 சதவீதம். நான்கு இடத்திலும் கோட்டைத் தாண்டிவிட்டார், பாஸ்.

இங்கே சராசரி யாரையும் காப்பாற்றாது. தியரியில் எடுத்த 78-ஐக் கொண்டுபோய்ச் செய்முறையில் இருக்கும் ஓட்டையை அடைக்க முடியாது. முதலாமவர் அந்தப் பாடத்தைத் துணைத் தேர்வில் மறுபடி செய்து காட்டியாக வேண்டும். நடுவில் வரும் அப்ரண்டிஸ் அறிவிப்புகளை அவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்த விதி எனக்கு நியாயமாகவே படுகிறது. வரலாற்றுத் தேர்வில் பாதி தெரியாமல் இருக்கலாம், யாருக்கும் ஷாக் அடிக்காது. எலக்ட்ரீஷியன் கதை அப்படி இல்லை.

"பல்பு எரியுது சார், ஏன் மார்க் இல்லை?"

செய்முறையில் 142-ல் நின்றுபோவது எப்படி? முழுசாகத் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. வேலையை முடித்துவிட்டுத் தோற்பவர்கள்தான் அதிகம். மாடிப்படி வயரிங்கை எடுத்துக்கொள்வோம். முதல் வருஷத்தில் எல்லோரும் செய்கிற வேலை. கீழே ஒரு டூ-வே சுவிட்ச், மேலே ஒரு டூ-வே சுவிட்ச், நடுவில் ஒரு விளக்கு. எந்த சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும், அணைய வேண்டும்.

ஒரு மாணவர் போர்டில் வயரிங்கை முடித்து, சப்ளை கொடுத்து, இரண்டு சுவிட்சையும் தட்டிக் காட்டுகிறார். விளக்கு எரிகிறது, அணைகிறது. தேர்வாளர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோல்டரில் டெஸ்டரை வைக்கிறார். டெஸ்டர் எரிகிறது. பேஸ் வயர் நேராக ஹோல்டருக்குப் போய்விட்டது, சுவிட்ச் வழியாகப் போவது நியூட்ரல். விளக்கு அணைந்திருக்கிறது, ஆனால் ஹோல்டரில் மின்சாரம் இருக்கிறது. நாளைக்கு ஒரு வீட்டில் யாராவது "சுவிட்சை அணைச்சாச்சு" என்ற நம்பிக்கையில் ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றப் போவார்கள்.

வேலை முடிந்ததா என்பது ஒரு கேள்விதான். சப்ளை கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனைகள் இருக்கின்றன. வயர் எங்கும் அறுந்திருக்கவில்லை என்பதற்குத் தொடர்ச்சிச் சோதனை. பேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது என்பதற்குப் போலாரிட்டிச் சோதனை. வயருக்கும் எர்த்துக்கும் நடுவே கசிவு இல்லை என்பதற்கு 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷன் சோதனை, அதில் ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எங்கேயோ கோளாறு. இவற்றைச் செய்யாமல் நேராக சப்ளை கொடுத்தவருக்கு, விளக்கு எரிந்தாலும், பாதுகாப்புக்கான மார்க் போய்விடும். பேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால் வேலைத் தரத்துக்கான மார்க்கும் சேர்ந்து போகும். எட்டு மார்க் குறைய இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு வழக்கமான சறுக்கல் எர்த்திங்கில். பைப் எர்த்திங் போடுவது பாடத்தில் இருக்கிறது. இந்தியத் தர விதிப்படி 38 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மீட்டருக்குக் குறையாத நீளமும் உள்ள ஜி.ஐ. பைப். குழி தோண்டி இறக்குவதில் யாரும் தவறுவதில்லை. எர்த் டெஸ்டரை வைத்து அளக்கச் சொன்னால்தான் கை நடுங்குகிறது. சோதனைக் கம்பிகள் இரண்டையும் எர்த் பைப்புக்குப் பக்கத்திலேயே, ஒன்றை ஒட்டி ஒன்றாக நட்டுவிடுவார்கள். கருவி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அது நிஜமான அளவு இல்லை. கம்பிகளைப் போதுமான தூரம் தள்ளி நட்டு, நடுக்கம்பியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் மாற்றி நட்டுப் பார்க்க வேண்டும். அளவு பெரிதாக மாறாமல் இருந்தால்தான் அதை நம்பலாம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரப் பாறை நிலத்தில் வேலை செய்யப்போகிறவருக்கு இது தேர்வோடு முடிகிற விஷயமும் இல்லை. மண் காய்ந்தால் எர்த் அளவு ஏறும். மழைக்காலத்தில் சரியாக இருந்த எர்த், சித்திரை வெயிலில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

தொடர் மதிப்பீடு: சராசரி ஒளித்துவைக்கும் இடம்

இப்போது அந்த 200 மார்க்குக்கு வருவோம். பாடத்திட்டம் படிப்பைப் பாடம் பாடமாகப் பிரிக்கவில்லை, "இதை முடித்தால் இன்ன வேலையைச் செய்யத் தெரிய வேண்டும்" என்று பிரித்திருக்கிறது. இதற்குக் கற்றல் விளைவு என்று பெயர். எலக்ட்ரீஷியன் முதல் வருஷத்தில் வயர் ஜாயின்ட் போடுவது, பேட்டரி, வீட்டு வயரிங், எர்த்திங், விளக்கு அமைப்பு, மீட்டர்கள், வீட்டு உபயோகப் பொருள் ரிப்பேர், டிரான்ஸ்ஃபார்மர் என்று போகும். இரண்டாம் வருஷத்தில் மோட்டார், காயில் கட்டுவது, கன்ட்ரோல் பேனல், இன்வெர்ட்டர், மேல்நிலை மின்பாதை என்று வளரும்.

ஒவ்வொரு விளைவு முடிந்ததும் பயிற்றுநர் மதிப்பிட வேண்டும். பொருளைச் செய்த தரம் மட்டும் பார்ப்பதில்லை. பாதுகாப்பு, இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது, பொருளை வீணாக்காமல் இருப்பது, கருவியைக் கையாளும் விதம், வருகை, வாய்மொழிக் கேள்விக்குச் சொன்ன பதில் எல்லாம் சேரும். தேர்வு எழுதவே 80 சதவீத வருகை வேண்டும் என்பது தனிக்கதை.

மார்க் எவ்வளவு போடலாம் என்பதற்கும் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வப்போது உதவி தேவைப்பட்டு, ஏற்கத்தக்க தரத்தில் வேலையை முடித்தால் 60-லிருந்து 75. கொஞ்சம்தான் உதவி தேவைப்பட்டது, வேலை நேர்த்தியாக இருக்கிறது என்றால் 75-லிருந்து 90. ஏறத்தாழ யார் உதவியும் இல்லாமல், உயர்ந்த நேர்த்தியோடு செய்தால்தான் 90-க்கு மேல். இந்த விளக்கம் பாடத்திட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. bharatskills.gov.in தளத்தில் யாரும் இறக்கிப் பார்க்கலாம். சேர்ந்த முதல் வாரமே ஒருமுறை படித்துவிடுவது நல்லது. பெரும்பாலானவர்கள் ரிசல்ட் வந்தபிறகுதான் தேடுகிறார்கள்.

இங்கே சராசரிக்கு ஒரு சின்ன விஷமம் இருக்கிறது. ஒருவர் வயர் ஜாயின்டில் 82, பேட்டரியில் 80, வயரிங்கில் 78, எர்த்திங்கில் 44 எடுத்தார் என்று வையுங்கள். நான்கையும் கூட்டி வகுத்தால் 71. கோட்டுக்கு நன்றாக மேலே. "நான் சேஃப்" என்று நினைத்துக்கொள்வார். அந்த 44 அவர் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. தேர்வு நாளில் எர்த்திங் வேலை கையில் வந்தால், அங்கே கைகொடுக்க ஜாயின்டும் பேட்டரியும் வராது. அதனால் வருஷக் கடைசியில் மொத்த மார்க்கைக் கேட்பதைவிட, ஒவ்வொரு விளைவு முடிந்ததும் "சார், இதுல எனக்கு எவ்வளவு?" என்று கேட்பதில் பிரயோஜனம் இருக்கிறது. அறுபதுக்குக் கீழே இருந்தால், பொருள் இருக்கும்போதே, பேட்ச் அந்த வேலையைத் தாண்டிப் போவதற்குள் இன்னொரு முறை செய்து பார்க்கலாம்.

பாஸ் ஆனபிறகு ஆரம்பிக்கும் இன்னொரு கணக்கு

55 சதவீதத்தில் பாஸ் ஆனவர் சந்தோஷப்பட்டது நியாயம். ஆனால் அவர் கதை அங்கே முடியவில்லை. இரண்டு வருஷப் படிப்பில் இறுதி முடிவுக்கு இரண்டு வருஷ மார்க்கும் பாதிப் பாதி. முதல் வருஷம் 62 சதவீதம், இரண்டாம் வருஷம் 78 என்றால் இறுதியில் 70. இந்த இறுதி எண் எங்கே பயன்படுகிறது என்று பார்த்தால்தான் மார்க் கணக்கின் முழு உருவமும் தெரியும்.

தெற்கு ரயில்வேயின் அப்ரண்டிஸ் அறிவிப்பு நல்ல உதாரணம். போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதையில் ரயில் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ரயில்வே பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது. பெரம்பூர், திருச்சி பொன்மலை, கோவை போத்தனூர் ஆகிய இடங்களில் இருக்கும் பணிமனைகள் அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. எழுத்துத் தேர்வு இல்லை, இன்டர்வியூவும் இல்லை. பத்தாம் வகுப்பு சதவீதத்தையும் ஐ.டி.ஐ. சதவீதத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, வரிசைப்படுத்தி, மேலிருந்து எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பொதுவாக 50 சதவீதம் இருக்க வேண்டும், சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. இரண்டு பேர் சமமாக வந்தால் வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை.

பத்தாம் வகுப்பில் 500-க்கு 400 எடுத்தவருக்கு 80 சதவீதம். அவர் ஐ.டி.ஐ.யில் 70 எடுத்தால் தரவரிசை எண் 75. இப்போது ஒரு மார்க்கின் விலையைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் ஒரு மார்க் என்பது 0.2 சதவீதம், பாதியாக்கினால் 0.1. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து 1200 மார்க். அதில் ஒரு மார்க் தரவரிசையில் ஏற்றுவது 0.04-க்குக் கொஞ்சம் மேல். அதாவது பத்தாம் வகுப்பில் விட்ட ஒரு மார்க்கை ஈடுகட்ட ஐ.டி.ஐ.யில் 2.4 மார்க் வேண்டும். 25 மார்க் விட்டவர் 60 மார்க் கூடுதலாக எடுக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, ஆனால் எங்கிருந்து எடுப்பது?

தியரியிலிருந்து மட்டும் எடுக்க முடியாது. 600-ல் 450 மார்க் செய்முறையும் தொடர் மதிப்பீடும்தான். முக்கால் பங்கு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேள்வி-பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறவர் மோதிக்கொண்டிருப்பது மீதமுள்ள கால் பங்கோடு. கிண்டியில் இருக்கும் நிமி நிறுவனம் தமிழிலும் டிரேடு புத்தகங்கள் போடுகிறது. அதில் தியரிக்கு ஒரு புத்தகம், செய்முறைக்கு ஒன்று. தியரிப் புத்தகம் கசங்கியிருக்கும், செய்முறைப் புத்தகம் புதுசாகவே இருக்கும் என்பது பல வீடுகளில் பார்க்கிற காட்சி.

கறாரான சார், தாராளமான சார்

இந்த இடத்தில்தான் யாரும் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. தொடர் மதிப்பீட்டு மார்க்கைப் போடுவது படிக்கிற நிலையத்திலேயே. ஒரு நிலையத்தில் விளக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றுகிற பயிற்றுநர், உதவி கேட்டுச் செய்த மாணவருக்கு 65 சதவீதம் போடுகிறார். இன்னொரு நிலையத்தில் அதே தரத்து வேலைக்கு 95 கிடைக்கிறது, "பையன் நல்லா இருக்கட்டுமே" என்று. வித்தியாசம் 30 சதவீதம், 200-ல் 60 மார்க். இரண்டு வருஷமும் இப்படியே போனால் 120 மார்க். இறுதி ஐ.டி.ஐ. சதவீதத்தில் 10 கூடும், தரவரிசை எண்ணில் 5 கூடும்.

5 என்பது எவ்வளவு பெரிது? பத்தாம் வகுப்பில் 50 மார்க்குக்குச் சமம். கணக்குப் பரீட்சையில் பாதியைக் கோட்டைவிட்டவர், தாராளமான சாரிடம் படித்ததால் அதைத் திரும்பப் பெற்றுவிடுகிறார். கறாரான சாரிடம் நிஜமாகவே வேலை கற்றவர் பட்டியலில் கீழே போகிறார். தேர்ச்சிக்கு மட்டும் இந்த மார்க்கைப் பார்த்தவரை இது பெரிய விஷயமாக இருக்கவில்லை. 60 தாண்டினால் போதும், 65-ம் ஒன்றுதான் 95-ம் ஒன்றுதான். அதே மார்க்கை வைத்து நாட்டின் வேறு வேறு நிலையங்களில் படித்தவர்களை வரிசைப்படுத்த ஆரம்பித்ததும்தான் அதற்கு இந்தக் கனம் வந்தது.

தடுப்புகள் இல்லாமல் இல்லை. மாணவர் செய்த வேலை, தினக்குறிப்பு, பதில் தாள், வருகை, மதிப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் அடுத்த தேர்வு முடியும்வரை நிலையம் வைத்திருக்க வேண்டும், தணிக்கைக்குக் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வருகிறவர் மார்க் போடுவதற்கு முன் மாணவரின் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. கோப்பும் கையும் ஒத்துப்போகவில்லை என்றால் அது தேர்வு மேசையிலேயே தெரியும். நாம் முதலில் பார்த்தவரை நினைத்துப்பாருங்கள்: தொடர் மதிப்பீட்டில் 88 சதவீதம், செய்முறையில் 57. இந்த இரண்டு எண்ணும் ஒரே கையைப் பற்றிப் பேசுகின்றன என்று நம்புவது கஷ்டம். ஒரு மாணவருக்கு நடந்தால் பதற்றம் என்று சொல்லலாம். ஒரு பேட்ச் முழுக்க இப்படி வந்தால் பதற்றம் காரணமாக இருக்காது.

சேர்க்கைக்கு முன் ஒரு நிலையத்தை எடைபோட நினைக்கும் பெற்றோருக்கும் இது உதவும். "உங்ககிட்ட எத்தனை பேர் பாஸ்?" என்று கேட்டால் எல்லோரும் நல்ல எண்ணைத்தான் சொல்வார்கள். போன வருஷ மாணவர் இரண்டு, மூன்று பேரின் மார்க் ஷீட்டை வாங்கி, இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறைய புரியும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கரும் எர்த் டெஸ்டரும் பீரோவுக்குள் பூட்டியிருக்கின்றனவா, மேசை மேல் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நல்லது.

அப்ரண்டிஸ் முடித்தால் மறுபடியும் ஒரு 60

ரயில்வேயோ மின் வாரியமோ தனியார் ஆலையோ, அப்ரண்டிஸாகச் சேர்ந்தால் 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். 2019-ல் திருத்திய விதி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாத உதவித்தொகையைக் குறைந்தது 7,000 ரூபாய் என்று வைத்தது. கையில் ஏற்கெனவே என்.டி.சி. இருப்பதால் பயிற்சிக் காலத்தில் சலுகை கிடைக்கும். எலக்ட்ரீஷியன் மாதிரி டிரேடுகளில் வழக்கமாக ஒரு வருஷம்.

அது முடிந்ததும் இன்னொரு அகில இந்தியத் தேர்வு. அதில் பாஸ் ஆனால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ், என்.ஏ.சி. இங்கேயும் செய்முறைக்கு 60 சதவீதம். ஒரு வருஷம் பணிமனையில் நின்றவருக்கு இது ஊதித் தள்ளுகிற விஷயம் என்று தோன்றும். ஆனால் அங்கே ஒரே செக்‌ஷனில் வருஷம் முழுக்க ஒரே வேலையைச் செய்தவர்களுக்கு, தேர்வில் வேறு வேலை வரும்போது கை தடுமாறுகிறது. மோட்டார் செக்‌ஷனிலேயே இருந்தவர் பேனல் வயரிங்கை மறந்திருப்பார். செக்‌ஷன் மாற்றிப் போடச் சொல்லிக் கேட்க அப்ரண்டிஸுக்கு உரிமை இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு.

"அப்ரண்டிஸ் முடிச்சா ரயில்வே வேலை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டப்படி வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. ரயில்வேயில் கிடைப்பது வேறொரு சலுகை. கடைநிலைப் பணியான லெவல் 1 நியமனங்களில் 20 சதவீத இடங்கள், ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்து என்.ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. அதற்கும் தனித் தேர்வு எழுத வேண்டும். என்.ஏ.சி. தேர்வில் செய்முறையில் 59-ல் நின்றவருக்கு அந்த 20 சதவீதக் கதவு, மறு தேர்வில் பாஸ் ஆகும்வரை மூடித்தான் இருக்கும்.

வேலை வேண்டாம், மேலே படிக்கிறேன் என்பவர்களுக்கு இந்த வரிசைக் கணக்கின் அழுத்தம் கொஞ்சம் குறைவு. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷம் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலம் மொழித் தேர்வுகளை மட்டும் எழுதினால் தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்குச் சமமான சான்று வாங்கலாம், 2022-லிருந்து அதற்கு வழி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் அடிப்படைத் தேவை ஐ.டி.ஐ. தேர்ச்சி. நாம் பார்த்த 72.7 சதவீதக்காரருக்கு, செய்முறையில் அந்த எட்டு மார்க் வரும்வரை, இதுவும் கிடைக்காது. 55 சதவீதக்காரர் விண்ணப்பிக்கலாம்.